"தொரைக்கு எழுதுங்க"



போன வருடம் ஜூன் மாதம் ஒரு நாள் இரவு என் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. "மிஸ் தொரைக்கு எழுதுங்க." அவ்வளவுதான். என்ன எழுதுவது, எதற்காக எழுதுவது என்று ஒரு சொல்கூட இல்லை. வெளியே இரத்தினபுரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டைப் பற்றிய முறைப்பாடாகத்தான் இருக்கும் என்று மழையைக் கேட்டே ஊகித்தேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

அனுப்பிய அக்காவை எனக்குக் கொஞ்சம் தெரியும். பிறந்தது இந்த மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில்தான். 1977இலும் 1981இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின்போது சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. இவருடைய தாய் தகப்பனும் 1981இல் சிறுபிள்ளையாக இருந்த இவரைத் தூக்கிக்கொண்டு அப்படித்தான் போனார்கள். மூத்த அண்ணன் மட்டும் பாட்டியுடன் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். வன்னியில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, 2009இல் கணவனைப் பறிகொடுத்து, முகாமிலிருந்து வெளியே வந்தபின் இந்த அக்கா மகளுடன் அண்ணனின் லயத்துக்கே திரும்பி வந்தார். அண்ணன் குடும்பம் முன் காம்பராவில். இவரும் மகளும் பின்பக்கத்துச் சின்ன அறையில்.

அன்று இரவே ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கலாம். "ஐயா, எங்கள் லயம் மிகவும் பழுதடைந்துள்ளது, தயவுசெய்து திருத்தித் தரவும்" என்று எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் நான் எழுதவில்லை. காரணம், சில வருடங்களுக்கு முன் நான் விட்ட ஒரு பிழை.

அப்போது வேறொரு தோட்டத்தில் ஒரு தாய் இதேபோல, "தொரைக்கு எழுதிக் குடுங்க மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நானும் அவசரமாக எழுதினேன். மழைக்காலம் என்பதால் கூரை ஒழுகுகிறது என்று எழுதினேன். மனம் இரங்கட்டும் என்று, பிள்ளைகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். கடிதம் போய்ச் சேர்ந்தது. நிர்வாகம் ஆள் அனுப்பிப் பார்த்தது. கூரை நன்றாகவே இருந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் இல்லை. உண்மையில் உடைந்திருந்தது கக்கூசின் கதவும் குழியின் மூடியும். பெண்பிள்ளைகள் இரவில் அங்கே போகப் பயந்தார்கள். அதைத்தான் அந்தத் தாய் எழுதச் சொல்லியிருக்கிறார். "பொய் எழுதுறாங்க" என்று ஒபிசில் பேச்சு வந்துவிட்டது. பிறகு உண்மையை எழுதிக் கொடுத்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கதவு ஒரு வருடம் கழித்தே போடப்பட்டது.

கேட்காமல் நிரப்பிய இரண்டு வரியால் வந்த வினை அது. அன்றிலிருந்து, தெரியாத இடத்தில் கற்பனையை எழுதாமல் கோடு போட்டு விட்டுவிடுவேன். அந்தக் கோட்டை நிரப்பக் கேள்வி கேட்பேன். ஆனால் இருபது கேள்வி கேட்டால் எழுதச் சொன்னவர் களைத்துப் போவார். தேவையான கேள்விகள் நான்குதான்.

மறுநாள் மத்தியானம், கொழுந்து நிறுக்கிற நேரம் முடிந்தபின், அக்காவுக்கு நானே எடுத்துக் கதைத்தேன்.

முதல் கேள்வி: அந்த வீடு யாருடையது?

"தொரையோடதுதானே மிஸ்" என்று சிரித்தார். ஆனால் இதைக் கேட்டே ஆகவேண்டும். சப்ரகமுவவில் தோட்டம் என்று நாம் சொல்வதெல்லாம் ஒரே மாதிரி இல்லை. பெரிய தோட்டங்கள் பலவற்றின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளிடம் போனது. அங்கே நிலம் அரசாங்கத்துடையது, குத்தகைக்கு எடுத்து நடத்துவது கம்பனி, லயத்துக்குப் பொறுப்பு தோட்ட முகாமையாளர். சில தோட்டங்கள் இன்னும் அரச நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. இரத்தினபுரி, கேகாலைப் பக்கங்களில் தனி முதலாளிமாரின் சிறிய தேயிலை, இறப்பர்த் தோட்டங்களும் நிறைய உண்டு. அங்கே துரை என்று யாரும் இல்லை, எழுதவேண்டியது முதலாளிக்கு. இன்னும் சிலருக்கு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்திருக்கிறது. உறுதியும் கையில் இருந்தால் வீட்டுக்காரர் அவர்களேதான். கூரையைத் திருத்தித் தா என்று துரைக்கு எழுதிப் பயனில்லை.

அக்காவின் தோட்டம் கம்பனித் தோட்டம். ஆகவே கடிதம் தோட்ட முகாமையாளருக்கு. பிரதி யாருக்கு என்பது பிறகு.

இரண்டாவது கேள்வி: காம்பரா யார் பேரில் இருக்கிறது?

இதைக் கேட்டதும் அக்காவின் குரல் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அண்ணி பேர்ல மிஸ். அவங்கதான் பேர் பதிஞ்ச ஆள். நா சும்மாதான் இருக்கேன்."

இரண்டு சொல்லுக்கு மேல் அவர் எழுதாததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கு எழுதத் தெரியும், நேரமும் இருந்தது. தன் பேர் கடதாசியில் வந்துவிடுமோ என்ற பயம்தான் தடுத்திருக்கிறது. முகாமிலும் சோதனைச் சாவடியிலும் பேர் பதிந்து பதிந்து வந்தவர்களுக்கு இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் அந்தப் பயம் நியாயமானதும்கூட. லயக் காம்பரா தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவருக்குக் கொடுக்கப்பட்டது. அதில் வேலை செய்யாத உறவினர் இருப்பது ஊரறிந்த வழக்கம்தான், யாரும் கேட்பதில்லை. ஆனால் அப்படி இருக்கிற ஒருவர் தன் பேரில் "நான் குடியிருக்கும் அறை" என்று கடிதம் எழுதினால் நிர்வாகத்தின் முதல் கேள்வி சுவரைப் பற்றி வராது. இந்த ஆள் யார், எப்படி இங்கே இருக்கிறார் என்றுதான் வரும். திருத்தம் கேட்கப் போய், இருக்கிற இடத்துக்கே கேள்வி வந்துவிடும். அன்று இரவு நான் அவசரப்பட்டு அக்காவின் பேரில் எழுதியிருந்தால் இதுதான் நடந்திருக்கும்.

ஆகவே பேர் பதிந்தவரின் பேரில்தான் கடிதம் போகவேண்டும். அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். அண்ணியிடம் நானே போய்க் கதைத்தேன். "எனக்கு எதுக்கு மிஸ் வம்பு? நாளைக்கு பெரட்டுல நிக்கிறது நாந்தானே" என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. கையெழுத்துப் போட்டவரைத்தான் காலையில் கணக்கப்பிள்ளை பார்ப்பார். அண்ணியை வற்புறுத்தவில்லை. அதற்கு மருந்து மூன்றாவது கேள்வியில் கிடைத்தது.

மூன்றாவது கேள்வி: என்ன பழுது, எந்த இடத்தில், எப்போதிருந்து?

"பின் சுவர் நனையுது" என்றார் அக்கா. நனைகிறது என்பது போதாது, எங்கேயிருந்து நனைகிறது என்று தெரியவேண்டும். இதை வீட்டில் இருக்கிறவரே கண்டுபிடிக்கலாம். சுவரின் மேலே, கூரைக்குக் கீழே கறை தொடங்கி, கோடு கோடாகக் கீழே இறங்கினால் தகரத்தில் ஓட்டை, அல்லது ஆணி கழன்றிருக்கிறது. அங்கேயும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். லயத்துக்கு ஒரே நீளக் கூரை என்பதால், பக்கத்துக் காம்பராவுக்கு மேலே உள்ள ஓட்டையால் வருகிற தண்ணீர் மரத்தின் வழியே ஓடி உங்கள் வீட்டில் சொட்டலாம். ஈரம் நிலத்திலிருந்து மேலே ஏறி, முழங்கால் உயரத்தில் நின்று, சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, சாந்து தவிடு போல உதிர்ந்தால் தண்ணீர் கீழேயிருந்து வருகிறது. கூரையை மாற்றினாலும் அது நிற்காது.

அக்காவின் சுவரில் ஈரம் கீழேயிருந்துதான் ஏறியது. அவரிடம் ஒரு வேலை சொன்னேன். ஈரம் நிற்கிற இடத்தில் கரியால் ஒரு கோடு போட்டுத் திகதி எழுதுங்கள், அடுத்த பெருமழைக்குப் பிறகு மறுபடி பாருங்கள் என்றேன். நான்கு நாள் கழித்து, கோட்டுக்கு மேலே நாலு விரல் ஏறியிருந்தது. பிறகு நான் போய் லயத்தின் பின்னால் பார்த்தேன். மேட்டை வெட்டிக் கட்டிய லயம். பின்சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு கான் ஓடுகிறது. அது மண்ணும் சருகும் விழுந்து அடைத்துப்போய்க் கிடந்தது. மேட்டிலிருந்து இறங்குகிற மழைத்தண்ணீர் ஓட வழியில்லாமல் சுவரின் அடியில் குளம் போல நின்றது. சுவர் அதைக் குடித்துக்கொண்டிருந்தது.

சுவரில் ஒரு வெடிப்பும் இருந்தது. இதில் மட்டும் கவனமாக இருங்கள். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடும் திகதியும் போட்டுவிட்டு, ஒரு கிழமை கழித்துப் பார்க்கவேண்டும். வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தாலோ, அகலம் கூடியிருந்தாலோ, வீட்டுக்குப் பின்னால் மேட்டு நிலத்திலும் புது வெடிப்பு இருந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, இதுவரை இல்லாத இடத்தில் கலங்கல் ஊற்று கிளம்பினாலோ அது திருத்த வேலை இல்லை, மண்சரிவுக்கான அறிகுறி. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்திலும் மண்சரிந்து உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. அப்படியான அறிகுறி தெரிந்தால் துரையின் பதிலுக்காகக் காத்திருக்கக்கூடாது. உடனே வீட்டை விட்டு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கவேண்டும். நிலம் ஆபத்தானதா என்று சொல்லவேண்டியது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். அக்காவின் சுவரில் வெடிப்பு ஒரு கிழமையிலும் பிறகும் நகரவில்லை. பழைய வெடிப்பு. ஆகவே கடிதம் எழுதலாம் என்று முடிவு செய்தோம்.

அண்ணியின் பயத்துக்கு மருந்தும் அந்தக் கானில்தான் இருந்தது. கான் ஒரு காம்பராவுக்கு மட்டும் சொந்தமானதில்லை. ஆறு காம்பராவின் பின்சுவரையும் தொட்டு ஓடுகிறது. மற்ற ஐந்து வீடுகளிலும் போய்ப் பார்த்தால் எல்லாச் சுவரிலும் அதே வெள்ளைப் பூப்பு. ஆகவே கடிதத்தை லயத்தின் கடிதமாக எழுதினோம். ஆறு வீட்டிலும் பேர் பதிந்த ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு பேரில் ஒருவராக நிற்க அண்ணிக்குப் பயம் இல்லை. அக்காவின் பேர் எங்கேயும் வரத் தேவையும் இல்லை.

நான்காவது கேள்வி: என்ன செய்து தரச் சொல்கிறீர்கள்?

"எல்லாத்தையும் திருத்தித் தரச் சொல்லுங்க" என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். கூரை, சுவர், கதவு, தண்ணீர்ப் பீலி, இஸ்தோப்புப் படி என்று பட்டியல் நீண்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் பத்தைக் கேட்டால் நிர்வாகம் "வரவு செலவில் பார்ப்போம்" என்று ஒரே பதிலில் பத்தையும் தள்ளிவிடும். ஒரு கடிதத்துக்கு ஒரு விடயம், அதிலும் தோட்டத்தால் உடனே செய்யக்கூடியது என்று வைத்துக்கொண்டோம். கான் வெட்டுவது தோட்டத்தில் தெரிந்த வேலை. அதற்கு ஆள் உண்டு, மண்வெட்டி உண்டு, புதுக் காசு தேவையில்லை. கான் வெட்டாமல் சுவருக்குச் சாந்து பூசினால் அடுத்த மழையில் அது உதிர்ந்துவிடும். ஆகவே கான் முதலில், சாந்து பிறகு. கூரையை இரண்டாவது கடிதத்துக்கு விட்டோம்.

1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டத்துரையின் கடமை என்று சொன்னது. நாம் கேட்பது பிச்சை இல்லை என்று கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அதை லயத்தில் சொன்னேன். கடிதத்தில் எழுதவில்லை. முதல் கடிதத்திலேயே சட்டத்தைக் காட்டினால் அது சண்டையாகிவிடும்.

கடிதம் இதுதான். உங்களுக்கும் உதவும் என்பதற்காக அப்படியே தருகிறேன். கோடு போட்ட இடங்களை உங்கள் விபரத்தால் நிரப்பலாம்.

திகதி: ............

தோட்ட முகாமையாளர் அவர்கள்,
............ தோட்டம்.

ஐயா,

............ டிவிசன், மேட்டு லயம், 1 முதல் 6 வரையான காம்பராக்களின் பின்பக்கக் கான் பற்றியது

மேற்படி லயத்தின் பின்பக்கத்துக் கான் மே மாதம் இரண்டாம் கிழமை பெய்த மழையிலிருந்து மண் விழுந்து அடைபட்டுள்ளது. தண்ணீர் ஓடாமல் பின்சுவரின் அடியில் நிற்கிறது. ஆறு காம்பராவிலும் பின்சுவர் நிலத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு நனைந்து, சாந்து உதிர்கிறது. பின்னறைகளில் படுக்க முடியவில்லை.

இதுபற்றி மே மாதக் கடைசியில் கணக்கப்பிள்ளையிடம் வாய்மொழியாகச் சொன்னோம்.

1. கானை முழு நீளத்துக்கும் வெட்டித் தண்ணீர் ஓட வழிசெய்து தரும்படியும்,
2. சுவர் காய்ந்தபின் உதிர்ந்த இடங்களுக்குச் சாந்து பூசித் தரும்படியும்

தயவுடன் கேட்டுக்கொள்கிறோம். மழை தொடர்வதால் முதலாவது வேலையை இம்மாதம் 30ஆம் திகதிக்கு முன் செய்து தந்தால் பேருதவியாக இருக்கும். பார்வையிட வருபவர்களுக்கு இடத்தைக் காட்ட எங்களில் ஒருவர் எந்த நேரமும் வீட்டில் இருப்பார்.

இங்ஙனம்,
(ஆறு பேரின் பேர், காம்பரா இலக்கம், கையெழுத்து)

பிரதிகள்: தோட்ட சேமநல உத்தியோகத்தர், தோட்டத் தலைவர்

இந்தக் கடிதத்தில் காய்ச்சல் இல்லை, கண்ணீர் இல்லை. ஆள் அனுப்பிப் பார்த்தால் பொய் என்று சொல்லக்கூடிய ஒரு வரியும் இல்லை. "படுக்க முடியவில்லை" என்பதை ஆறு வீட்டிலும் கேட்ட பிறகுதான் எழுதினேன். கணக்கப்பிள்ளையிடம் சொன்ன வரி முக்கியமானது. "எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே" என்ற பதிலை அது அடைத்துவிடும். ஆனால் உண்மையில் சொல்லியிருந்தால் மட்டுமே அதை எழுதவேண்டும்.

கடிதத்தைத் தமிழில் எழுதி, சிங்களத்தில் ஒரு பிரதியையும் கூடவே இணைத்தோம். எங்கள் மாகாணத்தில் ஒபிசில் இருக்கிற பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கையெழுத்து தமிழ்க் கடிதத்தில்தான். தனக்கு வாசிக்கத் தெரியாத கடதாசியில் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. ஆறு பேரில் இருவருக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாது. அவர்களுக்கு இஸ்தோப்பில் இருந்து முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்கினோம்.

கொடுக்கிற முறையும் உண்டு. இரண்டு பிரதி எடுத்து ஒன்றை ஒபிசில் கொடுத்துவிட்டு, மற்றதில் "கிடைத்தது" என்று கிளாக்கரின் கையெழுத்தும் திகதியும் வாங்கவேண்டும். கிளாக்கர் மறுத்தால் சண்டை பிடிக்காமல் தபாற்கந்தோருக்குப் போய்ப் பதிவுத்தபாலில் அனுப்பி, அந்தத் துண்டை வைத்துக்கொள்ளலாம். அந்தக் கையெழுத்தோ துண்டோ இல்லாவிட்டால் கடிதம் கொடுத்ததற்குச் சாட்சி இல்லை. எங்கள் கிளாக்கர் கையெழுத்துப் போட்டார். கானையும் சுவரையும் அக்காவின் மகள் தொலைபேசியில் படம் எடுத்து வைத்தாள். கரிக்கோடும் திகதியும் படத்தில் தெளிவாகத் தெரிந்தன.

பிறகு என்ன நடந்தது? 30ஆம் திகதி வந்தது, போனது. யாரும் வரவில்லை. ஜூலை முதல் கிழமையில் மூன்று வரியில் இன்னொரு கடிதம் கொடுத்தோம்: இந்தத் திகதியில் கொடுத்த கடிதத்துக்குப் பதில் கிடைக்கவில்லை, கான் இன்னும் அடைபட்டே இருக்கிறது, எப்போது வெட்டப்படும் என்று அறியத் தரவும். முதல் கடிதத்தின் பிரதியையும் இணைத்தோம். தோட்டத் தலைவரும் ஒபிசில் நேரே போய்க் கேட்டார். அதற்கடுத்த கிழமை சின்னத்துரை வந்து பார்த்தார். இரண்டு நாளில் ஆள் விட்டுக் கானை வெட்டினார்கள்.

சுவர் உடனே காயவில்லை. ஏறிய ஈரம் இறங்க இரண்டு மாதம் போனது. அக்காவின் கரிக்கோட்டுக்குக் கீழே ஈரம் இறங்கியதை மகள் கிழமைக்குக் கிழமை கோடு போட்டுக் காட்டினாள். செப்டெம்பரில் இருவரும் பின்னறையில் மறுபடியும் பாய் விரித்தார்கள். சாந்து மட்டும் இன்றுவரை பூசப்படவில்லை. "வரவு செலவில் பார்ப்போம்" என்ற பதில்தான் வந்தது. சாமான் தந்தால் நாங்களே பூசுகிறோம் என்று கேட்டு எழுதியிருக்கிறோம். அனுமதி கேட்காமல் நாமாகப் பூசுவதும் தடுப்பதும் கட்டுவதும் பிறகு பிரச்சினையாகும் என்பதால் பதிலுக்குக் காத்திருக்கிறோம். கான் மறுபடி அடைபடாமல் இருக்க, மாதம் ஒரு தடவை ஆறு வீட்டாரும் சருகை வாரி விடுகிறார்கள். பழைய லயத்தைக் கடிதத்தால் புது வீடு ஆக்க முடியாது. அந்தப் பின்னறையை மறுபடி படுக்கிற அறை ஆக்க முடிந்தது.

இதை வாசிக்கிற உங்களில் பலர் தோட்டத்தில் இல்லை. வவுனியாவிலோ வேறு ஊர்களிலோ வாடகை வீட்டில் இருப்பீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு எழுதும்போதும் அதே நான்கு கேள்விதான். இரண்டாவது கேள்வி மட்டும் சற்று மாறும்: வாடகை ஒப்பந்தம் யார் பேரில், முற்பணம் யார் கொடுத்தது? ஒப்பந்தத்தில் பேர் உள்ளவரே கையெழுத்துப் போடவேண்டும். ஒப்பந்தம் எழுதாவிட்டால், வாடகை கொடுத்ததற்கான துண்டு யார் பேரில் இருக்கிறதோ அவர். இன்னொன்று, திருத்தித் தரவில்லை என்ற கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். அப்போது பேச்சு சுவரிலிருந்து வாடகை நிலுவைக்கு மாறிவிடும். நிலுவையைக் காட்டி உங்களை எழுப்புவதற்கு அவர் வழக்குப் போடலாம். நீங்களே காசு போட்டுத் திருத்தி வாடகையில் கழிக்க நினைத்தால், அதற்கு முதலில் அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

இந்த அக்காவின் செய்திக்கு மறுபடி வருகிறேன். அன்று இரவு அவர் இரண்டு சொல் அனுப்பியதில் பிழை இல்லை. எனக்கு எழுதச் சொல்லிக் கேட்கிற எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் இன்னும் நான்கு சின்ன வரி அனுப்பினால், எழுதிக் கொடுக்கிறவர் ஊகிக்க இடமே இருக்காது. அந்த அக்காவே போன மாதம் கூரைக்காக எனக்கு அனுப்பிய செய்தியை அவருடைய அனுமதியோடு தருகிறேன்:

"மிஸ் தொரைக்கு எழுதுங்க. கம்பெனித் தோட்டம், காம்பரா அண்ணி பேர்ல, அவங்க சரின்னுட்டாங்க. முன் காம்பராவுக்கு மேல தகரம் ரெண்டு ஓட்டை, ஏப்ரல்ல இருந்து ஒழுகுது. ரெண்டு தகரம் தந்தா போதும், அண்ணன் அடிச்சிக்குவாரு."

இதை வைத்துக் கடிதம் எழுத எனக்குப் பத்து நிமிடம்தான் பிடித்தது. ஒன்றும் கேட்கவேண்டி வரவில்லை. உங்களுக்கும் எழுத முடியாத ஏதாவது இருந்தால், பேரோ இருப்பிடமோ வெளியே தெரியக்கூடாது என்று இருந்தால், அதைச் செய்தியில் எழுதவேண்டாம். "கதைக்கணும்" என்று மட்டும் சேர்த்து அனுப்புங்கள். எழுதிக் கொடுக்கிறவர் அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலில் உங்களுக்கு அழைப்பு எடுக்கட்டும்.